நோட்டில் வரவு, கணினியில் பற்று: எது சரி?

கேள்வி: திருச்செந்தூர் வட்டாரத்தில் வாழை பயிரிடும் 22 பேர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். உறுப்பினர்களிடம் தார் வாங்கி, மொத்தமாக வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். அறுவடைக்கு முன்னால் தேவைப்படுபவர்களுக்கு முன்பணமும் கொடுப்பது உண்டு. இத்தனை வருடமும் நாள்வழியும் பேரேடும் கையால்தான் எழுதினோம். ஏப்ரல் 1 முதல் டேலியில் ஏற்றலாம் என்று தொடங்கினோம். பணம் வந்ததெல்லாம் கணினியில் பற்று என்று காட்டுகிறது. அது போக, பழைய பாக்கிகளை ஏற்றி முடித்ததும் 9,000 ரூபாய் வித்தியாசம் என்று ஒரு வரி வந்து நிற்கிறது. நோட்டில் காலணா பிசகு கிடையாது. நோட்டை நம்புவதா, கணினியை நம்புவதா? பழைய ஐந்தொகையின் நகலையும், கணினி காட்டிய கணக்கையும் இதோடு அனுப்பியிருக்கிறோம்.

பதில்: இரண்டுமே பொய் சொல்லவில்லை. முதலாவது, ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்ததால் வந்த குழப்பம். இரண்டாவது உண்மையான பிழை. அது நோட்டில் இல்லை, ஏற்றியதில் இருக்கிறது. எந்த இடம் என்பதை அனுப்பிய தாள்களிலிருந்தே சொல்லிவிடலாம்.

முதலில் வரவும் பற்றும். நம் ஊர் நாள்வழியில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வியாபாரி 20,000 ரூபாய் கொண்டுவந்தால் இடது பக்கத்தில் அவர் பேரைப் போட்டு ‘வரவு 20,000’ என்று எழுதுவார்கள். சாயங்காலம் அதையே பேரேட்டில் அந்த வியாபாரியின் பக்கத்துக்குக் கொண்டுபோய் வரவு வைப்பார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ரொக்கத்துக்கென்று பேரேட்டில் தனிப் பக்கம் கிடையாது. நாள்வழிதான் ரொக்கப் பெட்டி. இடது பக்கக் கூட்டலிலிருந்து வலது பக்கக் கூட்டலைக் கழித்தால் பெட்டியில் இருக்க வேண்டிய தொகை வந்துவிடும்.

கணினியில் ரொக்கத்துக்கும் ஒரு பேரேடு உண்டு. `Cash` என்ற பெயரில் அது தானாகவே இருக்கும். இப்போது பெட்டியை ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டால் விஷயம் எளிது. வியாபாரி 20,000 கொடுத்தார், ஆகவே அவருக்கு வரவு. பெட்டி அதை வாங்கிக்கொண்டது, அதாவது பற்றிக்கொண்டது, ஆகவே பெட்டிக்குப் பற்று. பற்று என்ற சொல்லின் பொருளே அதுதான். வியாபாரியின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அங்கே நோட்டில் இருந்தபடியே 20,000 வரவாகத்தான் இருக்கும். `Cash` பக்கத்தைத் திறந்தவர்கள்தான் பதறுகிறார்கள்.

இன்னொரு சின்ன மாற்றம், கணினியின் பேரேட்டில் பற்று (`Debit`) இடப்பக்கமும் வரவு (`Credit`) வலப்பக்கமும் வரும். நோட்டில் இதற்கு நேர் எதிர். ஆள் கணக்கில் பொருள் மாறவில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது. 1494-ல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி அச்சிட்ட புத்தகத்தில் சொன்ன இரட்டைப் பதிவு முறையிலிருந்து வந்த பழக்கம் அது. நம் வியாபாரிகள் அதே கணக்கை வரவை இடப்பக்கம் வைத்தே எழுதி வந்தார்கள். கணக்கில் குறைவு ஒன்றும் இல்லை.

வங்கி பாஸ்புக்கிலும் இதே குழப்பம் வரும். வங்கியில் 15,000 கட்டினால் பாஸ்புக்கில் வரவு என்று இருக்கும், குழுவின் கணினியில் வங்கிக் கணக்கில் பற்று என்று இருக்கும். பாஸ்புக் வங்கியின் பேரேட்டு நகல். அங்கே குழு என்பது பணம் கொடுத்த ஆள், அதனால் வரவு. குழுவின் கணக்கில் வங்கிதான் பணம் வாங்கிய ஆள், அதனால் பற்று.

ஒரு நாள் கணக்கை இரண்டிலும் எழுதிப் பார்த்தால் சந்தேகம் தீரும். காலையில் கையிருப்பு 12,400. வியாபாரி ஒருவர் பழைய பாக்கியில் 20,000 கொடுக்கிறார். ஓர் உறுப்பினருக்கு முன்பணம் 3,000 போகிறது. லாரி வாடகை 1,800. வங்கியில் 15,000 கட்டியாயிற்று. நோட்டில் வரவு 20,000, பற்று மூன்று வரியும் சேர்ந்து 19,800, மிச்சம் 12,600.

கணினியில் இந்த நாலு வரிக்கும் நாலு வவுச்சர். பணம் வந்ததற்கு `F6` அழுத்தி `Receipt`. முன்பணத்துக்கும் லாரி வாடகைக்கும் `F5`, அது `Payment`. வங்கியில் கட்டியதற்கு `F4`, அதாவது `Contra`. கைப்பணம் வங்கிக்குப் போவதும், வங்கிப் பணம் கைக்கு வருவதும் மட்டும் இதில். பலர் இதையும் `Payment`-ல் போட்டுவிடுகிறார்கள். கூட்டல் கெடாது, ஆனால் மாதக் கடைசியில் செலவுச் சீட்டுகளோடு ஒப்பிடும்போது இல்லாத செலவைத் தேட வேண்டிவரும்.

ரொக்கம் கைமாறாத காரியங்கள்தான் நோட்டில் கொஞ்சம் சங்கடம். உறுப்பினரிடம் தார் வாங்கி விலையைப் பாக்கி வைத்தால், பழைய முறையில் ஒரே தொகையை நாள்வழியின் இரண்டு பக்கமும் எழுதிச் சரிக்கட்டுவார்கள். கணினியில் அதற்கு `F9`, `Purchase`. வியாபாரிக்குத் தார் ஏற்றிவிட்டுப் பணம் பிறகு என்றால் `F8`, `Sales`. இவை எதிலும் அடங்காத சரிக்கட்டுக்கு `F7`, `Journal`. ஓர் உறுப்பினருக்கு முன்பணம் தனி, தார் விலை தனி என்று இரண்டு பேரேடு திறந்தால் ஒவ்வொரு தடவையும் `Journal` போட்டுக் கழிக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரே பேரேடு போதும், முன்பணம் தானாகக் கழிந்துவிடும். நோட்டிலும் அப்படித்தானே இருந்தது.

மற்றபடி `Day Book` என்று காட்டுவது நாள்வழி, `Ledger` பேரேடு, `Balance Sheet` ஐந்தொகை. இதில் `Day Book` மட்டும் முழுசாகப் பொருந்தாது. அன்றைய வவுச்சர்களை வரிசையாகக் காட்டுமே தவிர, கையிருப்பைக் கட்டிக் காட்டாது. கையிருப்புக்கு `Cash/Bank Book`-ஐத் திறந்து `Cash`-ஐப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நாளில் அங்கே 12,600 நிற்க வேண்டும்.

இனி அந்த 9,000. பழைய ஐந்தொகை நகல்படி குழுவுக்கு இருப்பதும் வரவேண்டியதும் இவை: கைரொக்கம் 12,400, வங்கியில் 86,500, வியாபாரிகள் தரவேண்டியது 1,48,000, 12 உறுப்பினர்களிடம் முன்பணம் 54,000, எடை மேடையும் தள்ளுவண்டிகளும் 38,000. கூட்டினால் 3,38,900. குழு கொடுக்க வேண்டியவை: உறுப்பினர் பங்கு ஆளுக்கு 5,000 வீதம் 1,10,000, வங்கிக் கடன் 1,20,000, மற்ற 10 உறுப்பினர்களுக்குத் தார் விலை பாக்கி 62,300, இதுவரை சேர்ந்த லாபம் 46,600. இதுவும் 3,38,900. தார் அன்றன்றே போய்விடுவதால் சரக்கிருப்பு இல்லை. நோட்டு சரியாகவே கட்டப்பட்டிருக்கிறது.

இந்தத் தொகைகளை ஒவ்வொரு பேரேட்டிலும் `Opening Balance` என்ற இடத்தில் கொடுக்க வேண்டும். தொகைக்குப் பக்கத்தில் `Dr` அல்லது `Cr` என்று வரும். குழுவுக்கு வரவேண்டியதும் கையில் இருப்பதும் `Dr`. குழு கொடுக்க வேண்டியது `Cr`. பங்கும் லாபமும்கூட உறுப்பினர்களுக்குச் சேர வேண்டியவைதான், ஆகவே அவையும் `Cr`. சேர்ந்த லாபத்தை ஏற்றவே பலர் மறந்துவிடுவார்கள். அதை `Profit & Loss A/c` என்று முன்பே இருக்கும் பேரேட்டில் கொடுக்க வேண்டும். அதை விட்டிருந்தால் வித்தியாசம் 46,600 என்று வந்திருக்கும்; 9,000 வந்திருப்பதால் பிசகு அது இல்லை.

இப்படி வரும் வித்தியாசத்தைப் பார்த்ததும் பழைய கணக்குப்பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்பார்கள். இரண்டால் வகுத்தால் வரும் தொகை பட்டியலில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம், ஏனென்றால் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுவதால் பிழை இரட்டிப்பாகத் தெரியும். ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடுகிறதா? வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54,000 என்பதை 45,000 என்று அடித்ததுபோல.

இங்கே வேடிக்கை, 9,000 இரண்டுக்கும் பொருந்துகிறது. பாதி 4,500, முன்பணப் பட்டியலில் 4,500 வாங்கியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்பதாலும் வகுபடுகிறது. எது என்று கண்டுபிடிக்க `Trial Balance`-ஐத் திறந்து, `Difference in opening balances` என்ற வரியை விட்டுவிட்டு இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கூட்ட வேண்டும். குழு அனுப்பிய தாளில் பற்றுப் பக்கம் 3,34,400, வரவுப் பக்கம் 3,43,400. சரியான தொகை 3,38,900. ஒரு பக்கம் 4,500 குறைவு, மறுபக்கம் 4,500 கூடுதல். இலக்கம் மாறியிருந்தால் ஒரு பக்கம்தான் கெட்டிருக்கும், இன்னொரு பக்கம் 3,38,900-ஆகவே நின்றிருக்கும். ஆகவே இது பக்கம் மாறிய பிழை.

4,500 முன்பணம் உள்ள இருவரில் ஒருவர் `Loans & Advances (Asset)` என்ற தொகுப்பில் சரியாக இருக்கிறார். இன்னொருவர் `Sundry Creditors` தொகுப்பில், குழு பணம் கொடுக்க வேண்டியவர்களோடு சேர்ந்து நிற்கிறார். அந்தத் தொகுப்பில் பேரேடு திறந்தால் மென்பொருள் தானாகவே `Cr` என்று வைத்துக்கொள்ளும். அடித்தவர் கவனிக்காமல் என்டர் தட்டியிருப்பார். அந்தப் பேரேட்டைத் திருத்தத்துக்குத் திறந்து, தொகுப்பையும் மாற்றி, `Dr` என்று ஆக்கினால் வித்தியாச வரி மறைந்துவிடும். `Journal` போட்டு 9,000-ஐச் சரிக்கட்டப் பார்க்கக் கூடாது. பிழை தொடக்க பாக்கியில் இருக்கும்போது வவுச்சர் எதுவும் அதைத் தீர்க்காது. கணக்கில் இல்லாத ஒரு பரிமாற்றத்தைப் புதிதாக உண்டாக்கும். சிலர் `Suspense` என்று ஒரு பேரேடு திறந்து வித்தியாசத்தை அதில் தள்ளிவிடுவார்கள். அது வருடக்கணக்காக அங்கேயே கிடக்கும்.

இது வெறும் காகிதப் பிழை இல்லை. அந்த உறுப்பினர் குழுவுக்கு 4,500 தர வேண்டியவர். கணினிப்படி குழு அவருக்கு 4,500 தர வேண்டும். அடுத்த தார் வெட்டில் அப்படியே பட்டுவாடா செய்தால் குழுவுக்கு 9,000 நட்டம். பிழை மறுபக்கமாக இருந்திருந்தால், பணம் வாங்க வேண்டிய ஒருவரின் தார் விலையில் கடன் என்று பிடித்திருப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நோட்டில் நாள்வழியிலிருந்து பேரேட்டுக்குக் கையால் எடுத்து எழுதினார்கள். ஆகவே ஐந்தொகை இரண்டு பக்கமும் ஒத்துவந்தால், எழுதியதில் பெரிய தப்பு இல்லை என்பதற்கு அது ஓரளவு சாட்சி. கணினியில் வவுச்சர் ஒன்றைப் போட்டால் அதுவே பேரேட்டுக்கும் ஐந்தொகைக்கும் போய்விடும். பற்றும் வரவும் சமமாக இல்லாத வவுச்சரை அது சேமிக்கவே விடாது. எனவே கூட்டல் எப்போதும் ஒத்துத்தான் வரும். 3,000 முன்பணத்தை ஒரே பெயருள்ள வேறொரு உறுப்பினரின் கணக்கில் போட்டாலும் ஒத்துவரும். செலவை மூன்று தடவை ஏற்றினாலும் ஒத்துவரும். ஒத்துவருவது இனி ஒன்றுக்கும் சாட்சி இல்லை.

அதனால் சரிபார்ப்பு கணினிக்கு வெளியே நடக்க வேண்டும். தினமும் பெட்டியில் பணத்தை எண்ணி `Cash` இருப்போடு பார்ப்பது முதலாவது. மாதம் ஒரு தடவை வங்கி ஸ்டேட்மென்ட்டோடு வரி வரியாக ஒப்பிடுவது அடுத்தது. மூன்றாவதுதான் முக்கியம். தொடக்க பாக்கி ஏற்றிய உடனே 22 பேருக்கும், ‘ஏப்ரல் 1 அன்று தங்கள் கணக்கில் இவ்வளவு, தர வேண்டியது அல்லது பெற வேண்டியது’ என்று துண்டுச் சீட்டு கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு பேர் கணக்கு ஒன்றுக்கொன்று மாறிப் போயிருந்தால் கூட்டலில் தெரியாது, சீட்டை வாங்கிப் பார்க்கும் ஆளுக்குத்தான் தெரியும். பெயரோடு தகப்பனார் பெயரும் உறுப்பினர் எண்ணும் பேரேட்டுத் தலைப்பிலேயே இருக்கட்டும். ஒரு குழுவில் நாலு முருகன், மூன்று செந்தில் இருப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம்.

நோட்டை உடனே மூடிவிட வேண்டாம். இரண்டு மாதமாவது இரண்டிலும் எழுதி, தினசரிக் கையிருப்பும் மாதக் கடைசி உறுப்பினர் பாக்கியும் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தலாம். நோட்டில் அடித்தல் திருத்தல் கண்ணுக்குத் தெரியும். கணினியில் பழைய தேதிக்குப் போய் மாற்றினால் தெரியாமலே போகலாம். கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்த நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் அதில் சேர்த்தி, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் நிற்கும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. சாதாரணக் குழுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தினமும் `Day Book`-ஐ அச்செடுத்து, வவுச்சர் சீட்டுகளோடு கோத்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் அதே வேலையை அந்தக் காகிதம் செய்யும்.

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் விவசாயி. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 60,000 பயிர்க்கடன் வாங்கியிருந்தேன். மார்ச் 27-ல் 20,000 கட்டி ரசீதும் வைத்திருக்கிறேன். சங்கம் கணினிக்கு மாறிய பிறகு போய்க் கேட்டால், 60,000 அப்படியே நிற்கிறது என்கிறார்கள். கட்டிய பணம் எங்கே போனது?

பதில்: பணம் போயிருக்காது, பதிவுதான் வழியில் நின்றிருக்கும். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாயில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. நபார்டு வங்கி வழியாக அந்த வேலை நடந்து வருகிறது. எந்தச் சங்கம் மாறினாலும், ஒரு தேதியைக் குறித்து, அன்று பேரேட்டில் நின்ற பாக்கியை ஒவ்வோர் உறுப்பினருக்கும் தொடக்க பாக்கியாக ஏற்றுவார்கள். நாள்வழியில் எழுதிய வரவு அந்தத் தேதிக்குள் பேரேட்டுக்கு வராமல் இருந்தால், கணினிக்கும் அது வராது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கையெழுத்து நாள்வழியில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பேரேட்டுப் பக்க எண் எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பேரேட்டில் எடுத்து எழுதிய பிறகுதான் அதில் எண் போடுவார்கள். மார்ச் 27 நாள்வழியில் அந்த ரசீது எண்ணுள்ள வரியைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் பேரேட்டுக்கு எடுக்க விட்டுப்போயிற்று என்று பொருள். எண் இருந்து, அது வேறொருவர் பக்கமாக இருந்தால், பெயர் மாறி ஏறியிருக்கிறது. எண்ணும் சரி, பக்கமும் சரி என்றால், பேரேட்டில் 40,000 நின்றும் கணினியில் ஏற்றும்போது பழைய தொகையை அடித்துவிட்டார்கள். கட்டியதில் ஒரு பகுதியை வட்டிக்கோ வேறு கணக்குக்கோ பிரித்து வைத்திருக்கிறார்களா என்பதை ரசீதிலேயே பார்க்கலாம்.

வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. ரசீது நகலை வைத்து, ‘எனது உறுப்பினர் எண்ணுக்குக் கணினியில் ஏற்றிய தொடக்க பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்கு’ என்று கேட்டுச் செயலாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதி போட்டு முத்திரை வாங்க வேண்டும். ஒரு நகல் சரகத் துணைப் பதிவாளருக்குப் போகட்டும். தள்ளிப்போடவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டியவருக்குத்தான் வட்டி இல்லை. பிழை திருத்தப்படாமல் தவணை தேதி தாண்டிவிட்டால், கட்டிய 20,000-க்கும் சேர்த்துக் கணினி தானாக வட்டி போட்டுக்கொண்டே போகும். திருத்தும்போது அந்த வட்டியையும் மார்ச் 27-லிருந்து நீக்கிக் கணக்கிட்டார்களா என்று புதிய கணக்கு நகலை வாங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.